ஒரே வளைகோடு, இரண்டு வரைபடங்கள்: அலைநீளம், வீச்சு, அலைவு நேரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபிச்செட்டிபாளையம் பக்கம் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். அலைகள் பாடம் வந்துவிட்டால் ஒவ்வொரு வருஷமும் இதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். ஒரு கட்டத்தில் அவற்றை நோட்டில் எழுதிவைக்க ஆரம்பித்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்னபடியே விட்டிருக்கிறேன்.

பதில்கள் எல்லாவற்றிலும் ஒரே அலைதான் வரும், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாசனம் முடிந்து மடையை அடைத்த பிறகு எங்கள் ஊர்க் கிளை வாய்க்காலில் தண்ணீர் ஓடாமல் தேங்கி நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு அங்கே போனோம். ஒரு முனையில் ஒருவன் பலகையை வைத்து ஒரே சீராகத் தள்ளி இழுத்தான். எதிர்ப்பக்கக் கான்கிரீட் சுவரில் 5 செ.மீ.க்கு ஒரு கோடு என்று சாக்பீஸால் போட்டிருந்தோம். தொடக்கக் கோட்டிலிருந்து 50 செ.மீ. தள்ளி ஒரு அளவுக்குச்சியைச் செங்குத்தாக நட்டு, அதில் ஓட்டை போட்ட தெர்மாகோல் துண்டைக் கோர்த்துவிட்டோம். அது குச்சியை விட்டு எங்கும் போகாது, ஏறி இறங்க மட்டும் செய்யும். அப்புறம் போனில் வீடியோ எடுத்தோம். கீழே வரும் எண்கள் அன்று கிடைத்தவை, எளிமைக்காக முழுமையாக்கியிருக்கிறேன்.

ஏனுங்க சார், ரெண்டு படமும் ஒரே மாதிரி நெளிஞ்சு நெளிஞ்சுதானுங்க இருக்குது. எது எதுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது?

வளைகோட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கிடை அச்சில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள். வினாடி என்றிருந்தால் அது இடப்பெயர்ச்சி–காலம் வரைபடம். மீட்டரோ சென்டிமீட்டரோ இருந்தால் இடப்பெயர்ச்சி–இடம் வரைபடம். செங்குத்து அச்சில் இரண்டிலும் இடப்பெயர்ச்சிதான் இருக்கும், அதனால் அங்கே தேடிப் பயனில்லை.

வாய்க்காலில் இரண்டையும் கண்ணால் பார்க்கலாம். வீடியோவை ஓரிடத்தில் நிறுத்தினால் சுவரின் மேல் தண்ணீர் விளிம்பு நெளிந்து உறைந்து நிற்கும். எந்தெந்தச் சாக்பீஸ் கோட்டில் தண்ணீர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டே போனால் இடப்பெயர்ச்சி–இடம் வரைபடம் வந்துவிடும். அதில் பல துகள்கள் இருக்கின்றன, நேரம் ஒன்றே ஒன்று. இப்போது வீடியோவை ஓடவிட்டு, தெர்மாகோல் துண்டு ஒன்றை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு கணமும் அது குச்சியில் எந்த அளவில் நிற்கிறது என்று குறித்தால் இடப்பெயர்ச்சி–காலம் வரைபடம். இங்கே துகள் ஒன்று, நேரம் பல. முதலாவது ஊர்த் திருவிழாவில் எடுத்த கூட்டப் போட்டோ மாதிரி, இரண்டாவது அந்தக் கூட்டத்தில் ஒரு ஆளின் நாட்குறிப்பு மாதிரி.

பையன் நோட்டுல காலப் படத்தைப் பார்த்து அலைநீளம் 0.8 மீட்டர்னு எழுதியிருக்கறானுங்க. டீச்சர் அடிச்சுட்டாங்க. அதுல என்னங்க தப்பு?

ஒரு அம்மா கேட்டது இது. அந்தப் பையனைத் திட்ட எனக்கு மனசு வராது, நானும் பன்னிரண்டாம் வகுப்பில் இதே தப்பைச் செய்து இரண்டு மதிப்பெண் விட்டவன்தான். "முகட்டுக்கு முகடு அலைநீளம்" என்று மனப்பாடம் செய்ததால் வரும் வினை. அந்த வாசகத்தில் "தூரம்" என்ற சொல் விட்டுப்போகிறது. அடுத்தடுத்த இரண்டு முகடுகளுக்கு இடையே உள்ள தூரம்தான் அலைநீளம். கிடை அச்சில் தூரமே இல்லாத படத்தில் அதை எடுக்க வழியில்லை.

எங்கள் தெர்மாகோல் முதல் முகட்டை 0.2 வினாடியிலும் அடுத்ததை 1.0 வினாடியிலும் தொட்டது. இடைவெளி 0.8 வினாடி, அது அலைவு நேரம். நிறுத்திய போட்டோவில் ஒரு முகடு 25 செ.மீ. கோட்டிலும் அடுத்தது 125 செ.மீ. கோட்டிலும் இருந்தது. இடைவெளி 100 செ.மீ., அது அலைநீளம். அச்சில் என்ன அலகு இருக்கிறதோ அதே அலகுதான் விடைக்கும் வரும். அச்சு வினாடியாக இருக்கும்போது கை மீட்டர் என்று எழுதுகிறது என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

வீச்சு எந்தப் படத்துல பார்க்கோணும்?

எதில் வேண்டுமானாலும் பார்க்கலாம். செங்குத்து அச்சு இரண்டிலும் ஒன்றுதான் என்று முதல் பதிலிலேயே சொன்னேன். அலை வழியில் வலுவிழக்காமல் போகும்வரை இரண்டிலும் ஒரே எண்தான் வரும்.

தப்பு வேறு இடத்தில் நடக்கிறது. தண்ணீர் அசையாமல் இருந்தபோது குச்சியில் மட்டம் 65 செ.மீ. அலை வந்தபோது அதிகபட்சம் 68, குறைந்தபட்சம் 62. வீச்சு எவ்வளவு என்று கேட்டால் பாதிப் பேர் 6 என்றார்கள், ஒருத்தி 68 என்றாள். இரண்டும் இல்லை, 3 செ.மீ. சமநிலையிலிருந்து எவ்வளவு தூரம் விலகுகிறது என்பதுதான் வீச்சு. பாடப்புத்தகப் படங்களில் சமநிலைக் கோடு எப்போதும் சுழியத்தில் இருப்பதால் முகட்டின் உயரத்தைப் படித்தாலே போதும். நிஜ அளவீட்டில் அப்படி அமையாது. அப்போது மேல் அளவிலிருந்து கீழ் அளவைக் கழித்து இரண்டால் வகுத்துக்கொள்ளுங்கள்: 68 − 62 = 6, அதில் பாதி 3.

முகடு சரியா தெரியலைன்னா என்னங்க பண்றது? உச்சியில சப்பையா இருக்குது.

நல்ல கேள்வி. முகட்டுக்குப் பக்கத்தில் வளைகோடு ஏறக்குறைய கிடையாக ஓடுவதால் உச்சி இங்கேயா அங்கேயா என்று தடுமாறத்தான் செய்யும். அதைவிட, கோடு சமநிலையை வெட்டும் இடம் கூர்மையாகத் தெரியும். அங்கே அளந்துகொள்ளுங்கள். ஆனால் அடுத்தடுத்த இரண்டு வெட்டுகளுக்கு நடுவே பாதி அலைதான் இருக்கும். ஒரு வெட்டில் கோடு மேலே ஏறுகிறது, அடுத்ததில் கீழே இறங்குகிறது. ஏறும் வெட்டிலிருந்து அடுத்த ஏறும் வெட்டு வரை எடுத்தால்தான் முழு அலை. அவசரத்தில் பாதியை எடுத்துவிட்டு அலைவு நேரம் 0.4 என்று எழுதுகிறவர்கள் நிறைய.

இன்னொன்று, ஒரே ஒரு அலையை அளக்காதீர்கள். எங்கள் போன் வினாடிக்கு 30 படம் எடுக்கும். ஒரு அலைவுக்கு 24 படம் ஆனது. தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று என்று ஓரிரண்டு படம் தவறினால்கூட 24இல் அது பெரிய பிழை. ஐந்து அலைவுகளைச் சேர்த்து எண்ணினோம்: 120 படம், அதாவது 4 வினாடி. ஐந்தால் வகுத்தால் 0.8. தவறும் ஐந்தால் வகுபட்டுவிடுகிறது. எண்ணும்போது முகடுகளை எண்ணாமல் முகடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகளை எண்ணவேண்டும். ஆறு முகடு இருந்தால் ஐந்து இடைவெளி. வேலிக்கு நட்ட கல்லையும் கல்லுக்கு நடுவே உள்ள இடைவெளியையும் குழப்பிக்கொள்வதைப் போன்ற விஷயம் இது.

காலப் படம் ஒண்ணை மட்டும் குடுத்து வேகம் கேட்டா போடலாமுங்களா?

முடியாது. வேகம் என்பது அலைநீளத்தை அலைவு நேரத்தால் வகுப்பது. ஒரு படத்தில் ஒன்றுதான் கிடைக்கும். எங்கள் அலைக்கு இரண்டு படமும் இருந்ததால் 100 செ.மீ. ÷ 0.8 வினாடி = 125 செ.மீ., அதாவது வினாடிக்கு 1.25 மீட்டர் என்று போட முடிந்தது.

கேள்வியில் ஒரு படம் மட்டும் இருந்தால் வேறு எங்காவது ஒரு தகவல் ஒளிந்திருக்கும். "இந்த அலை காற்றில் செல்லும் ஒலி" என்பது போல ஒரு வரி, அல்லது அதிர்வெண். அதைத் தேடி எடுங்கள். கிடைக்கவில்லை என்றால் "தகவல் போதாது" என்று எழுதுவதுதான் சரியான விடை.

ரெண்டு போட்டோ குடுத்திருக்காங்க, ஒண்ணு 0 வினாடி, ஒண்ணு 0.2 வினாடி. அது போதுங்களா?

பெரும்பாலும் போதும், ஆனால் ஒரு குழி இருக்கிறது. எங்கள் வீடியோவில் 0 வினாடியில் 25 செ.மீ. கோட்டில் இருந்த முகடு 0.2 வினாடியில் 50 செ.மீ. கோட்டுக்கு வந்தது. 25 ÷ 0.2 = 125. சரியான விடை.

இப்போது வீடியோவைப் பார்க்காமல் அந்த இரண்டு போட்டோவை மட்டும் கையில் வாங்கிய ஒருவரை நினைத்துப்பாருங்கள். 50 செ.மீ. கோட்டில் நிற்பது அதே முகடுதான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பழைய முகடு 125 செ.மீ. நகர்ந்து 150க்குப் போய், பின்னால் இருந்த வேறொரு முகடு 50க்கு வந்திருக்கலாம். அப்படியானால் வேகம் 625 ஆகிறது. அல்லது 125 கோட்டில் இருந்த முகடு 75 செ.மீ. இடப்பக்கம் வந்திருக்கலாம். அப்போது வேகம் 375, திசையே எதிர். மூன்றுக்கும் போட்டோ அச்சு அசலாக ஒன்றுதான். அதனால்தான் கேள்வித்தாளில் "வலப்பக்கம் செல்லும் அலை", "இடைப்பட்ட நேரம் அலைவு நேரத்தைவிடக் குறைவு" என்று சேர்த்துப் போடுகிறார்கள். பிள்ளைகள் அந்த வரியை அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். கூடவே ஒரு காலப் படமும் இருந்தால் குழப்பமே இல்லை: அலைவு நேரம் 0.8 என்றால் 0.2 வினாடி கால் பங்கு, ஆகவே அலை நகர்ந்ததும் கால் அலைநீளம்தான்.

சார், அலை எந்தப் பக்கம் போகுதுன்னு படத்தைப் பார்த்தே சொல்ல முடியுமுங்களா?

ஒரு படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. போட்டோவில் நெளிவு உறைந்து நிற்கிறது, அது எந்தப் பக்கம் போகவும் தயார். நாட்குறிப்பில் ஒரு துண்டு ஏறி இறங்குகிறது, அலை எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அது ஏறி இறங்கத்தான் செய்யும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் சொல்லிவிடலாம். எனக்கு இந்தப் பாடத்திலேயே பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் போகிறேன்.

0 வினாடிப் போட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். 25 செ.மீ. கோட்டில் முகடு, 50இல் சமநிலை, 75இல் அகடு. நம் தெர்மாகோல் இருப்பது 50இல், அதாவது வலப்பக்கம் அகடும் இடப்பக்கம் முகடும் காத்திருக்க, நடுவில் சமநிலையில் நிற்கிறது. அடுத்து அதற்கு என்ன நடக்கும்? அலை வலப்பக்கம் போகிறது என்றால் இடப்பக்கம் இருப்பதுதான் அதன்மேல் வந்து சேரும். இடப்பக்கம் இருப்பது முகடு, ஆகவே துண்டு மேலே ஏறும். அலை இடப்பக்கம் போகிறது என்றால் வலப்பக்கத்து அகடு வந்து சேரும், துண்டு கீழே இறங்கும்.

இப்போது காலப் படத்தைத் திறந்து 0 வினாடியில் கோடு எப்படிப் போகிறது என்று பாருங்கள். எங்கள் படத்தில் சுழியத்திலிருந்து மேலே ஏறி 0.2 வினாடியில் முகட்டைத் தொட்டது. அப்படியானால் அலை வலப்பக்கம் போகிறது. கணக்கும் ஒத்துவருகிறது: முகடு 25 செ.மீ. தள்ளி இருந்தது, வினாடிக்கு 125 செ.மீ. வேகத்தில் வந்தால் 0.2 வினாடிதான் ஆகும். இதில் பிசகும் இடம் ஒன்றே ஒன்று. காலப் படம் எந்த இடத்துத் துகளுடையது, போட்டோ எந்த நேரத்தில் எடுத்தது என்ற இரண்டையும் கேள்வியிலிருந்து குறித்துக்கொள்ளாமல் ஆரம்பித்தால் தலைகீழ் விடை வரும். அதே போட்டோ, அதே வலப்பக்க அலை, ஆனால் காலப் படம் 100 செ.மீ. கோட்டில் உள்ள துகளுடையது என்றால் அது முதலில் கீழே இறங்கும், ஏனென்றால் அதற்கு இடப்பக்கம் இருப்பது 75இல் உள்ள அகடு.

போட்டோவுல 50 கோட்டுல கோடு கீழே இறங்குதே. அப்புறம் எப்படிங்க துண்டு மேலே போகும்?

மேலே உள்ள பதிலைச் சொல்லி முடித்த கையோடு வரும் கேள்வி. போட்டோவில் "இறங்குகிறது" என்றால் வலப்பக்கம் போகப்போகத் தண்ணீர் மட்டம் தாழ்வாக இருக்கிறது என்றுதான் பொருள். நேரம் போகப்போகத் தாழ்கிறது என்று பொருள் இல்லை, போட்டோவில் நேரமே இல்லையே. மலைப்பாதைப் படம் ஒன்றில் சாலை இறங்குவதைப் பார்த்துவிட்டு சாலை சரிந்து விழுகிறது என்று யாரும் சொல்வதில்லை.

வலப்பக்கம் போகும் அலைக்கு இது எப்போதும் நேரெதிராகத்தான் இருக்கும்: போட்டோவில் கோடு இறங்கும் இடத்தில் துகள் ஏறுகிறது, கோடு ஏறும் இடத்தில் துகள் இறங்குகிறது. இடப்பக்கம் போகும் அலைக்கு இரண்டும் ஒத்துப்போகும். காலப் படத்தில் இந்தச் சிக்கல் கிடையாது. அங்கே கோடு ஏறினால் துகளும் ஏறுகிறது, அவ்வளவுதான்.

காலப் படத்தோட சாய்வு அலையோட வேகம்தானுங்களே?

இல்லை. அது துகளின் வேகம், நம் கணக்கில் தெர்மாகோல் குச்சியில் ஏறும் வேகம். அலையின் வேகம் முழுக்க வேறு சமாச்சாரம். துண்டு முகட்டில் ஒரு கணம் நின்று திரும்பும், அங்கே சாய்வு சுழியம். சமநிலையைக் கடக்கும்போது அதிவேகம். அந்த உச்ச வேகம் 2π × வீச்சு ÷ அலைவு நேரம்: 6.28 × 3 ÷ 0.8, ஏறக்குறைய வினாடிக்கு 23.6 செ.மீ. அதே நேரம் அலை 125 செ.மீ. வேகத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

பலகையை இன்னும் நீளமாகத் தள்ளி வீச்சை 4 செ.மீ. ஆக்கினால் துண்டு இன்னும் வேகமாக ஏறி இறங்கும், அலையின் வேகம் மாறாது. இரண்டும் வேறு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

கையை இன்னும் வேகமா ஆட்டுனா படம் ரெண்டும் எப்படிங்க மாறும்?

பலகையைத் தள்ளியவனை 0.4 வினாடிக்கு ஒருமுறை தள்ளச் சொன்னோம். காலப் படத்தில் நெளிவுகள் பாதியாக நெருங்கும், அதில் சந்தேகமில்லை, அலைவு நேரத்தைத் தீர்மானிப்பது ஆட்டுகிற கை. போட்டோவில் அலைநீளம் எவ்வளவாகும்? எல்லோரும் 50 செ.மீ. என்றார்கள். அளந்தால் 25 செ.மீ.தான் இருந்தது.

இழுத்துக் கட்டிய கயிறாக இருந்திருந்தால் அவர்கள் சொன்னதுதான் சரி. கயிற்றில் அலையின் வேகத்தை இழுவிசையும் கயிற்றின் கனமும் தீர்மானிக்கின்றன, கை எவ்வளவு வேகமாக ஆட்டினாலும் அது மாறாது. ஆழமான தண்ணீரின் மேற்பரப்பு அலை அப்படியில்லை. அலைநீளம் g × (அலைவு நேரம்)² ÷ 2π. 0.8 வினாடிக்கு 9.8 × 0.64 ÷ 6.28, ஏறக்குறைய 1 மீட்டர். 0.4 வினாடிக்கு அதில் கால் பங்கு. வேகமும் 1.25 மீட்டரிலிருந்து பாதியாகக் குறைகிறது. ஆழம் என்றால் அலைநீளத்தில் பாதிக்கு மேல் இருக்கவேண்டும். எங்கள் வாய்க்காலில் 65 செ.மீ. இருந்ததால் ஒத்துவந்தது, கணுக்கால் தண்ணீரில் இந்தக் கணக்கு செல்லாது. இதெல்லாம் உங்கள் பாடத்தில் இல்லை. ஆனால் ஒரு படத்தைப் பார்த்து மற்றதை ஊகிக்கக்கூடாது, இரண்டையும் தனித்தனியாகப் படிக்கவேண்டும் என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது.

y = 3 sin(6.28x − 7.85t)னு குடுத்துட்டு ரெண்டு படமும் வரையச் சொன்னா?

இது நம் வாய்க்கால் அலையேதான் (y செ.மீ., x மீட்டர், t வினாடி). t = 0 என்று போட்டால் போட்டோ, x = 0.5 என்று போட்டால் தெர்மாகோலின் நாட்குறிப்பு. 6.28ஐ x முன்னால் உள்ள எண்ணால் வகுத்தால் அலைநீளம் 1 மீட்டர், t முன்னால் உள்ள எண்ணால் வகுத்தால் அலைவு நேரம் 0.8 வினாடி. நடுவில் கழித்தல் குறி இருப்பதால் வலப்பக்கம் போகிறது.

ஒலி அலையில மேலே கீழேன்னு ஒண்ணுமே இல்லையே. அப்புறம் ஏன் அதே மாதிரி படம் போடறாங்க?

ஏனென்றால் படம் அலையின் உருவம் அல்ல, அளவுகளின் பட்டியல். நெட்டலையில் காற்றுத் துகள் முன்னும் பின்னும் நகர்கிறது. வலப்பக்கம் நகர்ந்தால் கூட்டல், இடப்பக்கம் நகர்ந்தால் கழித்தல் என்று வைத்துக்கொண்டு அந்த எண்ணைச் செங்குத்து அச்சில் போடுகிறோம். அலைநீளம், அலைவு நேரம், வீச்சு எல்லாம் முன்பு சொன்ன முறையிலேயே படிக்கலாம்.

நெருக்கம் எங்கே என்று கேட்டால்தான் சறுக்குவார்கள். கை முகட்டைக் காட்டும். ஆனால் முகட்டில் இருக்கும் துகளும் அதன் இரு பக்கத்துத் துகள்களும் ஏறக்குறைய ஒரே அளவுதான் வலப்பக்கம் நகர்ந்திருக்கின்றன, கூட்டமாக இடம் மாறியிருக்கின்றனவே தவிர நெருங்கவில்லை. போட்டோவில் கோடு கூட்டலிலிருந்து கழித்தலுக்கு இறங்கிச் சமநிலையை வெட்டும் இடத்தைப் பாருங்கள். அதன் இடப்பக்கத்துத் துகள்கள் வலப்பக்கம் நகர்ந்திருக்கின்றன, வலப்பக்கத்துத் துகள்கள் இடப்பக்கம் நகர்ந்திருக்கின்றன. இரு பக்கமிருந்தும் அந்த இடத்தை நோக்கி வருகின்றன. நெருக்கம் அங்கேதான். கோடு ஏறி வெட்டும் இடத்தில் நெகிழ்வு. நெருக்கத்துக்கு நெருக்கம் தூரம் ஒரு அலைநீளம், நெருக்கத்திலிருந்து அடுத்த நெகிழ்வு வரை அதில் பாதி.

மடைப் பக்கமா ரெண்டு துண்டு வச்சமுங்க. ஒண்ணு ஆடுது, ஒண்ணு ஆடவே மாட்டேங்குது. இதுல வீச்சு எதுங்க?

அன்று கடைசியில் இதைக் கவனித்தது ஒரு பெண்தான். முதலில் நாங்கள் எடுத்த வீடியோ எல்லாம் அலை மடையை எட்டித் திரும்புவதற்குள் எடுத்தது. கொஞ்ச நேரம் விட்டால் மடையில் முட்டித் திரும்பும் அலையும் புதிதாக வரும் அலையும் சேர்ந்து நிலை அலை ஆகிவிடும். மடைச் சுவரை ஒட்டித் தண்ணீர் நன்றாக ஏறி இறங்கும். அங்கிருந்து 25 செ.மீ. தள்ளி வைத்த துண்டு ஏறக்குறைய அசையவில்லை, அது கணு. 50 செ.மீ. தள்ளி வைத்தது 6 செ.மீ.யை ஒட்டி ஏறியது, அது எதிர்க்கணு.

வீச்சு எந்தப் படத்திலும் எடுக்கலாம் என்று மூன்றாவது பதிலில் சொன்னேன். அது ஓடும் அலைக்கு. நிலை அலையில் ஒவ்வொரு துகளுக்கும் வீச்சு தனி. காலப் படம் அந்த ஒரு இடத்து வீச்சை மட்டும் சொல்லும். அலைவு நேரம் மட்டும் எங்கே வைத்தாலும் 0.8தான். கணுவில் வைத்த துண்டிடம் அதுவும் கிடைக்காது, அதன் படம் வெறும் நேர்கோடு. கணுவிலிருந்து அடுத்த கணு வரை 50 செ.மீ. வரும், அதை முழு அலைநீளம் என்று எழுதாமல் இரண்டால் பெருக்கவேண்டும்.

போட்டோவிலும் ஒரு விளையாட்டு இருக்கிறது. நிலை அலையில் ஒவ்வொரு அலைவிலும் இரண்டு முறை தண்ணீர் மட்டம் முழுக்கத் தட்டையாகிவிடும். சரியாக அந்தக் கணத்தில் வீடியோவை நிறுத்திய ஒருவன் "சார், அலையே காணோம்" என்றான். ஆறு படம் தள்ளி, அதாவது 0.2 வினாடி கழித்து நிறுத்தச் சொன்னேன். எதிர்க்கணுக்கள் முழு உயரத்தில் நின்றன, அங்கே அளந்தான்.